பத்து வாரத்தில் ஓர் அனிமேஷன் படம்: கதை எழுதுவது முதல் ரெண்டர் வரை கால அட்டவணை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவர்கள் அறிவியல் நாளுக்காக ஓர் அனிமேஷன் குறும்படம் எடுத்தார்கள். பிப்ரவரி 28 காலை அதைத் திரையிட வேண்டும். 27ஆம் தேதி மாலை நான்கு மணிக்குத்தான் ரெண்டர் தொடங்கினோம். கணினி ஒவ்வொரு படமாக வரைந்துகொண்டிருந்தது. ஏழு மணிக்கு, "சார், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சிறிது நேரத்தில் மின்சாரம் போனது. நேரடியாக வீடியோ கோப்பாகப் பதிவாகிக்கொண்டிருந்ததால் அதுவரை வரைந்தது எதுவும் திறக்கவில்லை. மறுநாள் பாதிப் படத்தை வெறும் ஸ்லைடுகளாகக் காட்டினோம்.

மின்தடைதான் காரணம் என்று முதலில் சொல்லிக்கொண்டோம். பிறகு உட்கார்ந்து யோசித்தபோது உண்மையான காரணம் விளங்கியது. எங்கள் திட்டத்தில் ரெண்டருக்கு ஒரு தேதியே இல்லை. கதைக்கும் வரைவதற்கும் அசைவுக்கும் நாள் ஒதுக்கிய நாங்கள், கடைசி வேலை தானாக நடந்துவிடும் என்று நினைத்திருந்தோம். அடுத்த கல்வியாண்டில் மீண்டும் முயன்றபோது அட்டவணையைப் பின்னாலிருந்து போட்டோம். அந்தப் பத்து வாரக் கணக்கைத்தான் இங்கே பகிர்கிறேன். மன்றச் செயல்பாடாகப் படம் எடுக்க நினைக்கும் ஆசிரியர்கள் எங்கள் எண்களை நீக்கிவிட்டுத் தங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

குழுவும் கையிருப்பு நேரமும்

எங்கள் படம் ‘பச்சைப்பயறு முளைக்கும் விதம்’ பற்றியது. ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கானது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் நான்கு பேர், ஓவிய ஆசிரியர், நான். மென்பொருள் பிளெண்டர், அது இலவசம். பள்ளிக் கணினி ஆய்வகத்தில் நான்கு கணினிகளைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது.

மாணவர்கள் மூன்று நாள் மாலையிலும் சனிக்கிழமை காலையிலும் வருவார்கள். கணக்குப் பார்த்தால் ஒருவருக்கு வாரம் 6 மணி நேரம். நால்வருக்கும் சேர்த்து 24 மணி நேரம். எங்களிடம் இருந்த மூலதனம் அவ்வளவுதான். ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கினால் ஆகஸ்ட் இறுதியில் முடித்துவிடலாம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். அட்டவணை போடும்போது தேர்வு வாரத்தையும் விடுமுறை வாரத்தையும் நீக்கிவிட்டு எண்ணுங்கள். நாட்காட்டியில் பத்து வாரம் இருந்தாலும் வேலை நடக்கும் வாரம் எட்டாகவும் இருக்கலாம்.

முதல் மூன்று வாரம்: தாளிலேயே படத்தை முடித்தல்

முதல் வாரம் கதை. ஒரு பக்க உரையை எழுதி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உரக்க வாசித்தோம். மௌனமாகப் படித்து நேரம் மதிப்பிட்டால் குறைவாகவே தோன்றும். திரையில் ஓடும்போதுதான் நீளம் தெரியும். எங்கள் உரை 90 நொடி வந்தது. 18 ஷாட்டுகளாகப் பிரித்தோம்.

இரண்டாம் வாரம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பென்சிலில் ஒரு படம் வரைந்து, கைப்பேசியில் புகைப்படம் எடுத்து, நாங்களே பேசிய தற்காலிகக் குரலுடன் வரிசையாகக் கோத்தோம். இதற்கு அனிமேட்டிக் என்று பெயர். அசைவு எதுவும் இராது; ஆனால் ஒவ்வொரு ஷாட்டும் சரியாக எத்தனை நொடி என்பது இருக்கும். உயிரியல் ஆசிரியரை அழைத்துக் காட்டினோம். ஒரு ஷாட்டில் தளிர் முதலில் வெளியே வந்து, பிறகு வேர் வருவதுபோல் வரைந்திருந்தார்கள். "முளைவேர்தானே முதலில் வரும்? அதன் பிறகுதான் தண்டு கொக்கிபோல் வளைந்து விதையிலைகளை மண்ணுக்கு மேலே தூக்கும்" என்றார். இரண்டு பென்சில் படங்களை மாற்றி வரைய இருபது நிமிடம் ஆனது. இதே பிழை எட்டாம் வாரத்தில் கண்ணில் பட்டிருந்தால் அந்த ஷாட்டின் அசைவு, ஒளி, ரெண்டர் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருந்திருக்கும். பாடப்பொருளைச் சரிபார்க்க வேண்டிய கட்டம் அனிமேட்டிக்தான். முடிந்த படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பதில் பயனில்லை.

மூன்றாம் வார வேலையைத்தான் முதல் முயற்சியில் நாங்கள் செய்யத் தவறியிருந்தோம். ஒரே ஒரு ஷாட்டை எடுத்து மாதிரி உருவம், அசைவு, ஒளி, ரெண்டர் என்று கடைசிவரை முடித்துப் பார்த்தோம். அந்த ஷாட் நன்றாக வருகிறதா என்பதைவிட, எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அளப்பதே நோக்கம். எறும்பு ஒன்று நடந்து வந்து விதையைத் தொடும் ஷாட் அது. முக்கிய நிலைகளை அமைக்க 2 மணி, அசைவைச் சீராக்க 4 மணி, திருத்தம் 1 மணி. ஆக 7 மணி நேரம். கேமரா மெல்ல நகர்ந்து, பெயர்ச்சீட்டு மட்டும் தோன்றும் எளிய ஷாட் ஒன்றையும் செய்து பார்த்தோம். 3 மணி நேரம் ஆனது.

கணக்கு கட்டவில்லை

18 ஷாட்டுகளில் 10 கடினமானவை, 8 எளியவை. 10 × 7 = 70; 8 × 3 = 24; மொத்தம் 94 மணி நேரம். அசைவுக்கு ஒதுக்கியது ஐந்து, ஆறு, ஏழாம் வாரங்கள். நான்கு பேரும் அந்த மூன்று வாரமும் ஒருநாள்கூட விடாமல் வந்தாலும் 72 மணி நேரம்தான்.

ரெண்டர் கணக்கும் அப்படியே. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 90 நொடிக்கு 2160 ஃபிரேம். 1920 × 1080 அளவில் எங்கள் ஆய்வகக் கணினி ஒரு ஃபிரேமை வரைய 4 நிமிடம் எடுத்தது. மொத்தம் 144 மணி. நான்கு கணினிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் 36 மணி நேரம் ஓட வேண்டும். இரவில் ஆளில்லாமல் ஆய்வகத்தைத் திறந்துவைக்க முடியாது. வேலைநாட்களில் மாலை 2 மணி நேரம், சனிக்கிழமை 8 மணி நேரம் என்று வாரத்துக்கு 18 மணி நேரம்தான் கிடைக்கும்.

மூன்றாம் வார வெள்ளிக்கிழமை இந்த இரண்டு கணக்கையும் கரும்பலகையில் எழுதினேன். மாணவர்கள் "சனி, ஞாயிறு முழுக்க வர்றோம் சார்" என்றார்கள். அதை ஏற்கவில்லை. கூடுதல் நேரத்தைத் தொடக்கத்திலேயே செலவாக எழுதிவிட்டால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட ஈடுகட்ட எதுவும் இராது. படத்தைத்தான் குறைக்க வேண்டும்.

எதைக் குறைப்பது என்பதில்தான் வருத்தம். கடினமான ஷாட்டுகளில் ஆறு, எறும்பு வருபவை. ஆறு கால்களை மாறி மாறி நகர்த்துவதுதான் நேரத்தை விழுங்கியது. எறும்பை நீக்கினாலும் விதை முளைக்கும் பாடம் கெடாது. ஆனால் அந்த எறும்பை உருவாக்கிய மாணவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் படத்தின் தலைப்புச் சட்டகத்தில் அசையாமல் நிற்கும் எறும்பாக அவள் வேலை இடம்பெற்றது. விதையின் கடினமான ஷாட்டுகளில் இரண்டையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

இப்போது 12 ஷாட். கடினம் 4, எளிது 8. 28 + 24 = 52 மணி நேரம். 72இல் 20 மணி நேரம் மிச்சம்; அதுதான் காய்ச்சலுக்கும் திருத்தத்துக்குமான கையிருப்பு. படம் 70 நொடி, 1680 ஃபிரேம். ரெண்டர் அளவை 1280 × 720 ஆக்கினோம். புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்ததால் ஒரு ஃபிரேமுக்கு 2 நிமிடம் ஆனது. வகுப்பறைத் திரையில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம்; கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. 3360 நிமிடம், அதாவது 56 மணி நேரம். கணினிக்கு 14 மணி. கால் பங்கு ஃபிரேம்களை மறுபடி வரைய நேரும் என்று வைத்துக்கொண்டால் 17½ மணி. கிடைக்கும் 18 மணிக்குள் அடங்குகிறது.

மைல்கற்கள்

இந்தக் கணக்குக்குப் பிறகுதான் அட்டவணையைச் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொரு வாரத்தின் முடிவிலும் கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பதே விதி. ‘பாதி வேலை முடிந்தது’ என்பதை யாரும் பார்க்க முடியாது. அதனால் அது மைல்கல் ஆகாது.

| வாரம் | வேலை | வெள்ளிக்கிழமை கையில் இருக்க வேண்டியது |
|---|---|---|
| 1 | கதை, உரை | நேரம் அளந்து வாசித்த ஒரு பக்க உரை |
| 2 | கதைப்பலகை | தற்காலிகக் குரலுடன் அனிமேட்டிக் |
| 3 | மாதிரி ஷாட், கணக்கு, குறைப்பு | முடிந்த ஒரு ஷாட்; பூட்டப்பட்ட அனிமேட்டிக் |
| 4 | உருவங்கள், இறுதிக் குரல் பதிவு | எல்லா உருவங்களும். இறுதிக் குரல் |
| 5 | முக்கிய நிலைகள் | முழுப் படமும் கரடுமுரடாக ஓடும் வடிவம் |
| 6, 7 | அசைவைச் சீராக்கல் | ஆறாவதில் 6 ஷாட், ஏழாவதில் 12 ஷாட் |
| 8 | ஒளி, வண்ணம் | பத்தில் ஒரு ஃபிரேம் சோதனை ரெண்டர் |
| 9 | ரெண்டர் | 1680 படக் கோப்புகள் |
| 10 | ஒலி, தொகுப்பு, சோதனை | திரையிடும் கணினியிலேயே ஓடிய படம் |

இதில் இரண்டு இடங்களை விளக்க வேண்டும்.

குரல் பதிவு நான்காம் வாரத்திலேயே வருகிறது. அசைவு குரலின் நேரத்தைப் பின்பற்றித்தான் அமைகிறது. அசைவு முடிந்த பிறகு குரல் பதிந்தால், பேசுபவர் அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் ஷாட்டை நீட்ட வேண்டியிருக்கும். அரை நொடி என்பது 12 ஃபிரேம். எங்கள் கணினியில் அது 24 நிமிட ரெண்டர்.

ஐந்தாம் வாரத்தில் எந்த ஷாட்டையும் முழுமையாக்க விடவில்லை. பன்னிரண்டிலும் முக்கிய நிலைகளை மட்டும் வைத்தோம்: விதை உப்பிய நிலை, தோல் வெடித்த நிலை, வேர் இறங்கிய நிலை. இதற்கு ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. மாணவர்களுக்கு இது பிடிக்காது. முதல் ஷாட்டை மெருகேற்றிக்கொண்டே இருப்பதில்தான் ஆசை. ஆனால் முதல் மூன்று ஷாட் அழகாகவும் மீதி ஒன்பது வெறுமையாகவும் இருந்தால் அது படம் ஆகாது. பன்னிரண்டும் கரடுமுரடாக இருந்தால், ஏழாம் வாரத்தில் நேரம் தீர்ந்தாலும் கதை முழுமையாக ஓடும்.

சுவரில் இன்னொரு தாளும் ஒட்டியிருந்தோம். பன்னிரண்டு வரிசை, முக்கிய நிலை, அசைவு, ஒளி, ரெண்டர் என நான்கு நிரல். கட்டத்தில் டிக் இருக்கும், அல்லது காலியாக இருக்கும். ‘தொண்ணூறு சதவீதம்’ என்று எழுத இடமில்லை. வெள்ளிதோறும் இருபது நிமிடம் எல்லா ஷாட்டையும் ஓடவிட்டுப் பார்த்து, குழு ஒப்புக்கொண்டால்தான் டிக். ஆறாம் வாரத்தில் ஆறுக்குப் பதில் நான்கு ஷாட்டே முடிந்திருந்தது. அன்றே தெரிந்ததால், இரண்டு எளிய ஷாட்டுகளில் கேமரா நகர்வை நீக்கி நிலையாக வைத்தோம். முதல் முயற்சியில் இதே பின்தங்கல் கடைசி மாலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ரெண்டர் வாரம்

முதலில், நான்கு கணினியிலும் பிளெண்டரின் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறந்தால் சில அமைப்புகள் மாறிப்போகலாம். கோப்பை வேறு கணினிக்கு எடுத்துச் செல்லும் முன் File பட்டியில் External Data, அதில் Pack Resources என்பதை அழுத்திவிட்டால் படங்கள் கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். மறந்தால் மண்ணோ இலையோ பளிச்சென்ற இளஞ்சிவப்பில் வரும். படக் கோப்பு கிடைக்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்து, வீடியோவாக ரெண்டர் செய்யாமல் ஒவ்வொரு ஃபிரேமையும் தனி PNG படமாகச் சேமியுங்கள். Output பகுதியில் Overwrite என்பதை நீக்கிவிடுங்கள். மின்சாரம் போனாலும் அதுவரை வரைந்தவை பத்திரமாக இருக்கும். மீண்டும் தொடங்கினால், ஏற்கெனவே உள்ள படங்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து போகும். மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கடைசிப் படம் மட்டும் பழுதாகியிருக்கலாம். அதை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

கணினிக்கு மூன்று ஷாட் எனப் பிரித்தோம். ஐந்தாம் ஷாட் 140 ஃபிரேம் என்றால் கட்டளை இப்படி இருக்கும்:

```
blender -b s05.blend -o //png/s05_#### -F PNG -s 1 -e 140 -j 10 -a
blender -b s05.blend -o //png/s05_#### -F PNG -s 1 -e 140 -a
```

முதல் வரி எட்டாம் வார வெள்ளிக்கானது. `-j 10` இருப்பதால் பத்து ஃபிரேமுக்கு ஒன்றை மட்டும் வரையும். முழுப் படத்துக்கும் 168 படங்கள். நான்கு கணினியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் சோதனையில் ஒன்பதாம் ஷாட்டின் நடுவில் ஒரு விதையிலை மண்ணுக்குள் புதைந்திருந்தது தெரிந்தது. அந்த ஷாட்டின் படங்களை அழித்து, திருத்தி, பிறகு இரண்டாம் வரியை ஓட்டினோம். `-a` கடைசியில்தான் வர வேண்டும். முன்னால் எழுதினால் அதற்குப் பின் வரும் எண்களைப் பாராமலேயே ரெண்டர் தொடங்கிவிடும்.

ஒரு ஷாட் முடிந்ததும் கோப்புறையில் எண்ணிக்கை பாருங்கள். 140 இருக்க வேண்டியதில் 139 இருந்தால் திரையில் ஒரு துள்ளல் தெரியும். அளவுவாரியாக அடுக்கினால் 0 KB உள்ள பழுதான படம் தனியே நிற்கும்.

அந்த வாரம் புதன்கிழமை மீண்டும் மின்சாரம் போனது. மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து மின்சாரம் வந்ததும், நால்வரும் தத்தம் கணினியில் கடைசிப் படத்தை அழித்துவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுத்தார்கள். நாங்கள் இழந்தது கணினிக்கு ஒரு படம், மற்றும் அந்த நாற்பது நிமிடம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு 1680ஆவது படம் வந்தது.

பத்தாம் வாரம் படங்களைக் குரலோடும் ஒலியோடும் இணைத்து ஒரே வீடியோவாக்கினோம். 70 நொடிப் படத்துக்கு அது சில நிமிட வேலைதான். திரையிடப் போகும் அதே கணினியில், அதே ஒலிபெருக்கியில் ஓட்டிப் பார்த்தபோது குரல் மங்கலாகக் கேட்டது, இசையைக் குறைத்தோம். அதற்கும் அந்த வாரத்தில் இடம் இருந்தது.

உங்கள் பள்ளியில் தொடங்கும்போது முதல் நாளே மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: குழுவுக்கு வாரத்தில் கிடைக்கும் மணி நேரம், ரெண்டருக்குக் கணினி கிடைக்கும் மணி நேரம், படம் தேவைப்படும் தேதி. மீதி இரண்டு எண்களை, அதாவது ஒரு ஷாட்டுக்கு ஆகும் நேரத்தையும் ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரத்தையும், மூன்றாம் வார மாதிரி ஷாட் சொல்லும். ஐந்தும் சேர்ந்த பிறகு படம் எத்தனை நொடி என்று முடிவு செய்யுங்கள். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு மாணவி கேட்டால், சுவரில் இருக்கும் தாளைக் காட்டிப் பதில் சொல்லலாம்.